நம்பர் போட்டால் ஒன்றுமே வரவில்லை என்றால், எத்தனை நாள் பொறுப்பது?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, முதலாம் பாடம் முடிந்து வெளியே வந்தபோது என்னிடம் படிக்கிற ஒரு மகள் வாசலில் நின்றாள். கையில் ஒரு துண்டுக் கடதாசி. “சேர், அம்மா கட்டார்ல இருந்து கடிதம் போட்டிருக்காங்க. நம்பர் போட்டா ஒன்னுமே வரல்ல சேர்” என்றாள்.

என்ன கடிதம் என்று கேட்டேன். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் ஓர் எழுத்துப் பிழையோடு பதிவாகியிருக்கிறது. நம் தோட்டங்களில் இது எத்தனை வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். பாடசாலை மூலம் அடையாள அட்டைக்கு விண்ணப்பம் போக முதல் அதைத் திருத்த வேண்டும். தாய் டோஹாவில் வீட்டு வேலை செய்கிறார். நம் தூதரகத்தில் கையொப்பமிட்டு, முத்திரை குத்திய சத்தியக்கடதாசியை வியாழக்கிழமை மாலை பதிவுத் தபாலில் போட்டுவிட்டு, பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்.

பிள்ளை வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பார்த்திருக்கிறாள். No record found. வீட்டில் சொந்தக்காரர் ஒருவர், “போட்டிருந்தா காட்டுமே, உங்கம்மா போட்டிருக்கவே மாட்டா” என்று சொல்லிவிட்டார். ஞாயிறு இரவு பிள்ளையும் தாயிடம், “உண்மையாவே போட்டீங்களா?” என்று கேட்டுவிட்டாள். தாய் அழுதுவிட்டு போனை வைத்துவிட்டாராம். கடிதத்தை விட அதுதான் பிள்ளைக்கு இப்போது பெரிய பாரம்.

எங்கே பார்த்தாய் என்று கேட்டேன். இணையத்தில் உடுப்பு வாங்கினால் கொண்டு வந்து தருகிற ஒரு கூரியர் கம்பனியின் பக்கத்தைக் காட்டினாள். முதல் பிழை அங்கேதான். கூரியர் கம்பனி ஒவ்வொன்றும் தன் சொந்த நம்பரை மட்டும்தான் அறியும். வெளிநாட்டுத் தபால் நம்பருக்கு ஓர் உலகப் பொது வடிவம் இருக்கிறது. முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டு எழுத்து. R என்று தொடங்கினால் பதிவுத் தபால், C என்றால் பார்சல், E என்றால் ஈ.எம்.எஸ். கடைசியில் QA என்றால் கட்டார், LK என்றால் நாம். ஆகவே இந்த நம்பரை முதலில் பார்க்க வேண்டிய இடம் கட்டார் தபாலின் பக்கம்.

அங்கே போட்டோம். அதிலும் ஒன்றும் இல்லை. பிள்ளையின் முகம் இன்னும் வாடிவிட்டது.

நான் கணித ஆசிரியர். அந்த ஒன்பது இலக்கத்தில் கடைசி இலக்கம் சும்மா வைத்ததல்ல, முன்னால் உள்ள எட்டையும் சரிபார்க்க வைத்தது என்பது எனக்குத் தெரியும். உடனே கரும்பலகைக்குப் போனோம். (நம்பரை இங்கே மாற்றியிருக்கிறேன், பிழை அதே மாதிரியானதுதான்.) அவள் எழுதி வைத்திருந்தது RR261880475QA. கடைசி 5-ஐ விட்டுவிட்டு, 2, 6, 1, 8, 8, 0, 4, 7 ஆகிய எட்டையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கினோம். 16, 36, 4, 16, 24, 0, 36, 49. கூட்டினால் 181. அதை 11 ஆல் வகுத்தால் மீதி 5. 11 இலிருந்து 5 போனால் 6. (விடை 10 வந்தால் 0 என்றும், 11 வந்தால் 5 என்றும் எடுக்க வேண்டும்.) கடைசி இலக்கம் 6 ஆக இருக்க வேண்டும், கடதாசியில் இருந்ததோ 5. அப்படி ஒரு நம்பர் உலகத்திலேயே இருக்க முடியாது!

“அம்மா அனுப்பின படத்தைக் காட்டு மகள்” என்றேன். பெரிதாக்கிப் பார்த்தால் நான்காவது இலக்கம் 8 அல்ல, 3. மடித்த சீட்டில் மை மங்கியிருந்தது. 3-ஐப் போட்டுத் திரும்பக் கணக்குப் பார்த்தோம். கூட்டுத்தொகை 171, மீதி 6, விடை 5. பொருந்தியது. கட்டார் பக்கத்தில் போட்டதும் வியாழக்கிழமைத் திகதியோடு ஒரு வரி வந்தது, கடிதம் ஏற்கப்பட்டது என்று. பிள்ளை அந்த இடத்திலேயே அதைப் படம் பிடித்துத் தாய்க்கு அனுப்பினாள். கூடவே என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கணக்குப் பொருந்தினால் நம்பர் பிழையில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். கடிதம் புறப்பட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. சீட்டில் நம்பர் அச்சாவது வேறு, ஒருவர் அதை மெசினில் காட்டி ஸ்கேன் பண்ணுவது வேறு. ஸ்கேன் நடந்து, அந்தத் தகவல் கணினிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நமக்கு ஏதாவது தெரியும்.

அடுத்த நாள் திரும்ப வந்தாள். “சேர், இலங்கைத் தபால் பக்கத்துல இன்னும் ஒன்னுமில்ல.” அது இருக்காதுதான். கடிதம் இன்னும் டோஹாவில். அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை, இங்கே ஞாயிறு. வியாழன் மாலை போட்ட கடிதம் இரண்டு நாட்டு விடுமுறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பிறகு பையில் கட்டி, விமானத்தில் ஏற்றி, கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகத்தில் பையைப் பிரித்து ஸ்கேன் பண்ணும்போதுதான் நம் பக்கத்தில் நிச்சயமாக எதிர்பார்க்கலாம். அதுவரைக்கும் வரும் மௌனம் காணாமல் போனதற்கு அடையாளமல்ல. இந்தக் கடிதம் புறப்பட்டதாகக் காட்டியது செவ்வாய்க்கிழமை. கொழும்பில் காட்டியது அதற்கு அடுத்த வாரம் புதன்கிழமை. இடையில் எட்டு நாள் ஒரு வரியும் இல்லை.

உள்ளூர்க் கூரியரில் நானும் ஒருமுறை பதறியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பக்கத்து நகரத்து முகவர் கடையில் புத்தகப் பார்சல் ஒன்றைக் கொடுத்தேன். சீட்டும் நம்பரும் கையில். சனி, ஞாயிறு ஒன்றுமில்லை. திங்கள் போயா. செவ்வாய் பின்னேரமும் ஒன்றுமில்லை என்றதும் பஸ் ஏறிப் போனேன். பார்சல் கடை ராக்கையிலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை வான் நான் போவதற்கு முன்பே வந்து போயிருக்கிறது, செவ்வாய் வானுக்கு எடுத்துக் கொடுக்க மறந்துவிட்டார்கள். அந்தக் கடையில் ஸ்கேன் மெசினே இல்லை. வான் போய்ச் சேரும் இடத்தில்தான் முதல் ஸ்கேன். அன்றிலிருந்து பார்சல் கொடுக்கும்போதே இரண்டு கேள்வி கேட்கிறேன்: இன்றைய வான் இன்னும் வர இருக்கிறதா? முதல் ஸ்கேன் எங்கே?

எத்தனை நாள் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எண்ணும்போது வேலை நாளை மட்டும் எண்ணுங்கள். உள்ளூர்க் கூரியர் என்றால் வான் எடுத்த அடுத்த வேலை நாள் முடியும் வரை பொறுங்கள். இரண்டாம் நாளும் இல்லையென்றால் போன் பண்ணாமல் சீட்டோடு நேரே கடைக்குப் போங்கள், பார்சல் இன்னும் அங்கேயே இருக்கலாம். இணையத்தில் வாங்கியது என்றால் விற்பவர் நம்பர் அனுப்பிய நாளை எண்ணாதீர்கள். லேபலை அச்சடித்துவிட்டு பொருளை மூன்று நாள் கழித்துக் கொடுப்பவர்கள் உண்டு. எந்தத் திகதியில் கூரியரிடம் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். வெளிநாட்டுப் பதிவுத் தபால் என்றால், அனுப்பிய நாட்டின் பக்கத்தில் மூன்று வேலை நாளுக்குள் ஒரு வரியாவது வர வேண்டும். வராவிட்டால் நம்பரைப் படத்தோடு ஒப்பிட்டு, மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். அதுவும் சரியென்றால் அனுப்பியவர் சீட்டோடு போட்ட தபாலகத்துக்கே போய்க் கேட்க வேண்டும். விசாரணை கேட்க, போட்ட மறுநாளிலிருந்து ஆறு மாதம் அவகாசம் உண்டு. அதனால் சீட்டை வீச வேண்டாம் என்று வெளிநாட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

கடிதம் நோட்டன் பிரிட்ஜ் தபாலகத்துக்கு வந்த அன்று, அம்மாயியைக் கூட்டிக்கொண்டு போய்க் கையொப்பம் வைத்து எடுத்தார்கள். திருத்த விண்ணப்பம் அதே வாரம் போய்விட்டது. அந்தச் சொந்தக்காரர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம். பிள்ளை மட்டும் தாயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டாள்.