எண்ணிக்கை சரி, ஆள் உள்ளே

இறால் பதனிடும் ஆலைகளில் அம்மோனியா பிளாண்ட் ஓட்டுவது என் தொழில். இருபது வருடங்களுக்கு மேலாகிறது. தெற்குக் கடற்கரையில் ஓர் ஆலையில் நான் இரவு ஷிப்ட் ஆபரேட்டராக இருந்தபோது நடந்த கசிவு ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். கசிவை நிறுத்துவதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆட்களை எந்தப் பக்கம் அனுப்புவது, எப்படி எண்ணுவது, யாருக்குச் சொல்வது என்ற மூன்றையும் அந்த ஓர் இரவில்தான் கற்றுக்கொண்டேன்.

கம்ப்ரசரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் அம்மோனியாவோடு கலந்து போகும். அது திரவ அம்மோனியாவைவிடக் கனமானது. அதனால் பாத்திரங்களின் அடியில் தங்கும். அவ்வப்போது வடிக்க வேண்டும். குளிரில் எண்ணெய் கெட்டியாகிச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். வரவில்லையே என்று வால்வை இன்னும் திறந்தால், எண்ணெய் தீர்ந்த மறு நொடி அதன் பின்னாலிருக்கும் திரவ அம்மோனியா பீய்ச்சி அடிக்கும். கையை எடுத்ததும் தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு அந்தக் குழாயில் இருந்திருக்க வேண்டும். இல்லை. இரவு 2.40 மணிக்கு என் உதவியாளர் வால்வைத் திறந்தார். பக்கத்தில் நிற்க வேண்டிய நான் மீட்டர் குறித்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார். வெளி முற்றத்திலிருந்த ரிசீவரின் மெயின் வால்வை நான் மூடினேன். இனிப் புதிதாகத் திரவம் போகாது. ஆனால் பாத்திரத்தில் ஏற்கெனவே இருந்தது வந்துகொண்டேதான் இருந்தது.

பெண்கள் இறால் உரிக்கும் கூடத்தில் மணி அடித்தது. எல்லோரும் கிழக்கு வாசலுக்கு ஓடினார்கள். கடல் பக்கம் வேப்பமரத்தடியில் பச்சைப் பலகை வைத்து, கூடுமிடம் என்று எழுதியிருந்தோம். ஒத்திகை எல்லாம் அங்கேதான் நடந்தது. வாட்ச்மேன் மீனவர் வீட்டுப் பிள்ளை. அவர்தான் கையை வீசிக் கத்தினார்: "அண்ணாச்சி, இது கரைக்காத்து! எல்லாம் அந்தப் பக்கந்தான் போகுது!"

பகலில் கடலிலிருந்து காற்று வரும். வேப்பமரத்தடி சுத்தமான இடம். இரவில் நிலம் குளிர்ந்ததும் காற்று திரும்பி, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். நாங்கள் ஒத்திகை பார்த்ததெல்லாம் பகல் பதினோரு மணிக்கு. அதே மரத்தடி இரவு மூன்று மணிக்கு வாயு போய்ச் சேரும் இடமாக இருந்தது. அம்மோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று பயிற்சியில் சொல்வார்கள். திரவமாகப் பீய்ச்சி அடிக்கும்போது அது உண்மையில்லை. கடுங்குளிரான துளிகள் ஈரக் காற்றோடு சேர்ந்து வெள்ளைப் புகையாகித் தரையோடு தவழும். அன்று முழங்கால் உயரத்தில் தவழ்ந்ததைப் பார்த்தேன்.

வாட்ச்மேனும் நானும் பெண்களை மறித்துத் திருப்பினோம். புகைக்குள் எதிர்த்து ஓடக்கூடாது. குறுக்காக, பக்கவாட்டில் விலகி, பிறகுதான் காற்று வரும் திசைக்குச் சுற்றிப் போக வேண்டும். வடக்குச் சுவரை ஒட்டி மேற்கு வாசலுக்கு நடக்கச் சொன்னோம். ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். அம்மோனியா தண்ணீரில் கரையும் என்பதால் அது கொஞ்சம் தாங்கும்; அதை நம்பி உள்ளே போக முடியாது.

மேற்கு வாசலில் சூப்பர்வைசர் எண்ணினார். மஸ்டரில் 64 பேர். நின்றவர்களும் 64 பேர். "சரியா இருக்கு அண்ணே" என்றார். எனக்கு உயிர் வந்தது. அப்போது வரிசையிலிருந்த ஓர் அம்மா கேட்டார்: "பெட்டி அடுக்குற வடக்கத்திப் பையன் எங்க? அவனைக் காணோமே."

மறுபடி எண்ணவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். அப்போதுதான் விளங்கியது. மஸ்டரில் இருந்த ஒரு பெண் வயிற்றுவலி என்று பன்னிரண்டு மணிக்கே வீட்டுக்குப் போயிருந்தார்; அதை யாரும் குறிக்கவில்லை. ஆகவே வெளியே 63 பேர்தான் நிற்க வேண்டும். மஸ்டர் ஆட்கள் 62 பேர்தான் நின்றார்கள். லோடு ஏற்ற வந்த லாரி டிரைவரும் கிளீனரும் வரிசையில் சேர்ந்து நின்றதால் கணக்கு 64 ஆகிவிட்டது. மூன்று பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு சரியான விடையைத் தந்தன. பையன் மைனஸ் 18 டிகிரி அறைக்குள் இருந்தான்.

அங்கே ஃபேன் இரைச்சலில் மணி கேட்காது, செல்போன் எடுக்காது. எங்களிடம் காற்று சிலிண்டரோடு கூடிய சுவாசக் கருவி ஒன்றுதான் இருந்தது. தனி ஆளாக உள்ளே போகக்கூடாது. ஒருவர் விழுந்தால் இழுக்க இன்னொருவர் வேண்டும். போகத் துடித்த என்னை வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார். அறைக் கதவின் ரப்பர் நல்ல நிலையில் இருந்ததால் அவன் உள்ளே இருக்கும்வரை பிழைப்பான். கதவைத் திறந்து வெளியே வந்தால் புகைக்குள் கால் வைப்பான். அதை அவனுக்குச் சொல்ல வழியில்லை.

இதற்கிடையில் தொலைபேசி. 2.43-க்கு நான் முதலில் கூப்பிட்டது மேனேஜரை. "ஓனரைக் கேட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் யாருக்கும் சொல்லாதே" என்றார். 2.55 வரை காத்திருந்தேன். அந்தப் பன்னிரண்டு நிமிடம் என் தவறு. பையன் உள்ளே என்று தெரிந்த பிறகுதான் யாரையும் கேட்காமல் 101-ஐ அழைத்தேன். "அம்மோனியா, திரவமாக வருகிறது, மெயின் வால்வை மூடியாயிற்று, ஓர் ஆள் குளிர் அறையில், காற்று கடல் பக்கம் வீசுகிறது, மேற்கு வாசலுக்கு வாருங்கள்" என்றேன். கடைசி வாக்கியம் முக்கியம். வழக்கமாக வண்டிகள் வருவது கிழக்குச் சாலை. சொல்லாவிட்டால் நேராகப் புகைக்குள் வந்திருப்பார்கள். பிறகு 108.

3.15-க்குத் தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். இருவர் கருவி மாட்டிப் போய்ப் பையனைக் கூட்டி வந்தார்கள். குளிரில் நடுங்கினான், கண் எரிந்தது, அவ்வளவுதான். என் உதவியாளரின் கண்களை அதற்குள் கால் மணி நேரத்துக்கும் மேலாகத் தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தோம், பார்வை தப்பியது. வடி வால்வையும் அவர்களே மூடினார்கள். தரையில் தேங்கிய திரவத்தின் மேல் தண்ணீர் அடிக்கவில்லை. அடித்தால் அது கொதித்து இன்னும் வாயுவாகும். காற்று போகும் பக்கத்தில் திரைபோல் தண்ணீரைப் பீய்ச்சிப் புகையைக் கரைத்தார்கள்.

நாங்கள் சொல்லாமல் விட்டது கிழக்கே இருந்த மீனவர் குடியிருப்பு மக்களுக்கு. நெடி எழுப்பித்தான் அவர்கள் எழுந்தார்கள்; குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு, அதாவது காற்று போகும் திசைக்கே ஓடினார்கள். கோயில் ஒலிபெருக்கியில் "தெற்கே விலகிப் போங்கள்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும். கோயிலின் தொலைபேசி எண் எங்களிடம் இல்லை. தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு விடிந்த பிறகு எழுதிக் கொடுத்தோம். சட்டம் கேட்பது அது. ஊர் கேட்பது முதல் பத்து நிமிடத்தை.

இப்போது நான் பொறுப்பாக இருக்கும் ஆலையில் கூடுமிடம் இரண்டு. காற்றுப் பைக்கு இரவு விளக்கு உண்டு. குளிர் அறைக்குள் சிவப்பு விளக்கு எரியும். அதன் சுவிட்ச் வாட்ச்மேன் கையில். லாரி டிரைவர் உட்பட உள்ளே வரும் ஒவ்வொருவரும் பெயர் எழுதிய வில்லையை வாசலில் மாட்டிவிட்டு வர வேண்டும், போகும்போது எடுத்துப் போக வேண்டும். 101-ஐ அழைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம் என்று மேனேஜர் கையெழுத்திட்ட தாள், கோயில் எண்ணோடு, தொலைபேசிக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் ஒத்திகையை ஒருமுறை இரவு மூன்று மணிக்கு வையுங்கள். தலையை எண்ணாதீர்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.