அப்பாவின் கழுத்தில் டேப்

நேற்று மன்னார்குடியில் எங்கள் வீட்டில் அப்பாவின் படத்திறப்பு நடந்தது. வெளியூரிலிருந்து வர முடியாதவர்கள் பலர் போனில் கேட்டுக்கொண்டார்கள். அங்கே நான் வாசித்ததை அப்படியே இங்கே போடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பிலும் நான் மணி அடித்த பிறகும் பேசுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் தகரப் பெட்டியில் நூற்றுக்கும் மேற்பட்ட போட்டோக்கள் இருந்தன. ஆனால் அவர் அடிக்கடி எடுத்துப் பார்த்தவை மூன்றுதான். அந்த மூன்றையும் தனியாக ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரில் போட்டு வைத்திருந்தார். அவர் முகத்தை அந்த மூன்றையும் வைத்தே சொல்கிறேன்.

முதல் படம் 1956இல் கும்பகோணத்தில் எடுத்தது. அப்பாவுக்கு 22 வயது. அங்கே ஒரு தையல் கடையில் காஜா எடுக்கிற பையனாகச் சேர்ந்து, பட்டன் கட்டி, பிறகு மிஷினில் உட்கார்ந்து, ஆறாவது வருஷம்தான் கத்திரியைக் கையில் கொடுத்தார்களாம். தானே வெட்டித் தானே தைத்த முதல் சட்டையைப் போட்டுக்கொண்டு நேராக ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறார். பின்னால் திரையில் வரைந்த மாடிப்படி, பக்கத்தில் முக்காலியில் காகிதப் பூ. அப்பாவின் காதுகள் இரண்டும் சற்று வெளியே விரிந்திருக்கும். மேலுதட்டில் கோடு போட்ட மாதிரி மீசை. வலது கையை முக்காலிமேல் வைத்திருக்கிறார். கட்டைவிரல் மூட்டு அப்போதே கொஞ்சம் புடைத்திருப்பது தெரியும். பெரிய கத்திரியின் வளையம் நாள் முழுக்க அழுத்துகிற இடம் அது. கடைசிவரை அது வற்றவில்லை. என் தம்பி சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டேதான் தூங்குவான்.

இந்தப் படத்தில் ஒன்று இல்லை. அப்பாவின் இடது புருவத்தை இரண்டாக வெட்டிய மாதிரி ஒரு தழும்பு உண்டு. பெரியப்பா அடித்த கிட்டிப்புள் பட்டது. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் நெகட்டிவிலேயே கூர்மையான பென்சிலால் தொட்டுத் தொட்டு முகத்தில் உள்ள பள்ளம், தழும்பு, அம்மைத் தழும்பு எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். கேட்காமலே செய்வார்கள். “அந்தாளு என் மூஞ்சிக்கு இஸ்திரி போட்டுட்டாம்மா” என்று அப்பா சிரிப்பார். சட்டைக்காகத்தான் அந்தப் படத்தை வைத்திருந்தார்.

இரண்டாவது படம் 1978இல் எடுத்தது. கடையில் துணி தைக்கக் கொடுத்த ஒருவர் தன்னுடைய அக்பா கிளிக் காமிராவைக் கொண்டுவந்திருந்தார். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம்தான் அதில் எடுக்கலாம், அதுவும் வெயில் வெளிச்சம் வேண்டும். அதனால் மிஷினைக் கடை உள்ளிருந்து திண்ணைக்கு இழுத்துப் போட்டார்கள். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது. மிஷினில் குனிந்திருந்தவர் யாரோ கூப்பிட்டதும் தலையை நிமிர்த்திப் பார்க்கிறார், அந்த நொடி. கழுத்தில் டேப் தொங்குகிறது. காதில் சாக்கட்டி. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியதில் கண்ணோரத்தில் மூன்று கோடுகள். இடது புருவம் உடைந்தே இருக்கிறது. உதடுகள் இறுக மூடியிருக்கின்றன. ஏன் தெரியுமா? வாயில் குண்டூசி! வாயில் ஊசியை வைத்துக்கொண்டே பேசிப் பேசி, ஊசி இல்லாதபோதும் அப்பா உதட்டோரத்தால்தான் பேசுவார். புதிதாக வந்த மருமகன்கள் அவர் கோபமாக இருக்கிறார் என்றே நினைத்தார்கள்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி வாங்கி வந்தபோது எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். அப்பா மட்டும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “இது நான் இல்ல” என்றார். “பாக்கெட் எந்தப் பக்கம் இருக்கு பாரு. ஆம்பளை சட்டையில இடது பட்டிதானே மேல வரும்? இதுல வலது பட்டி மேல இருக்கு. மிஷின் சக்கரம் பாரு, இடது கைப் பக்கம் போயிடுச்சு. எந்த மிஷின்ல அப்படி இருக்கு?” நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பெரிதாக்கிவிட்டார்கள். முகத்தைப் பார்த்து எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. சட்டையைப் பார்த்து அவருக்குத் தெரிந்தது. மறுபடி சரியாகப் போட்டு வாங்கினோம். பிறகு பல வருஷம் வகுப்பில் கண்ணாடிப் பிம்பம் நடத்தும்போதெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். என் பிள்ளைகளுக்கு நினைவிருக்கும்.

அப்பா யாரைப் பார்த்தாலும் முதலில் தோளைப் பார்ப்பார், அப்புறம்தான் முகம். நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு தோள் மற்றதைவிடக் கொஞ்சம் இறங்கித்தான் இருக்குமாம். அளவு நோட்டில் சட்டை நீளம், தோள், மார்பு, கை என்று எழுதி, ஓரத்தில் சின்னதாக ‘வ.தோ. தாழ்வு’ என்று குறித்துக்கொள்வார். வெட்டும்போது அந்தப் பக்கத் தோளில் அரைக்கால் இஞ்ச் இறக்கிவிடுவார். போட்டுக்கொள்கிறவருக்குத் தோள் தாழ்ந்தது தெரியவே தெரியாது, சட்டை சுருக்கமில்லாமல் உட்காரும். அவரிடம் சொல்லவும் மாட்டார். “சொன்னா அந்த மனுசன் நாள் முழுக்கக் கண்ணாடியில தோளையே பாத்துக்கிட்டு நிப்பாரு” என்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாவாடைக்கும் நிஜாருக்கும் கீழே இரண்டு இஞ்ச் உள்ளே மடித்துத் தைப்பார். அடுத்த ஜூனில் பிரித்துவிட்டால் இன்னொரு வருஷம் ஓடும். பிரித்துவிடக் காசு வாங்கியதில்லை. இதைப் படிக்கிறவர்களில் சிலர் அந்தப் பழைய மடிப்புக் கோடு தெரியும் பாவாடையோடு என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள்தான்.

மூன்றாவது படம் 2016இல் என் பணி நிறைவு விழாவில் செல்போனில் எடுத்தது. அப்பாவுக்கு 82 வயது. எல்லாரும் மேடையைப் பார்க்கிறார்கள். அப்பா மட்டும் பக்கத்தில் நின்ற ஒரு பையனின் சட்டைப் பாக்கெட்டைத் திருப்பி, உள்தையலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பையன் சிரிக்கிறான். அப்பாவின் முகம் பாதிதான் தெரிகிறது. விரிந்த காது, நரைத்த மீசை, கண்ணாடிக்கு மேலே அந்த உடைந்த புருவம். “இதுலதான் என்னை யாரும் சிரிக்கச் சொல்லல” என்று இந்தப் படம் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தப் பையன் இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதப்பா. உன் பாக்கெட்டில் என்ன குறை கண்டார் என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

இப்போது படத்திறப்புப் படத்துக்கு வருகிறேன். தம்பி இரண்டாவது படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து மாட்டுவதற்குத் தயார் செய்யச் சொல்லியிருந்தான். வந்து பார்த்தால், பின்னால் நீலத் திரை. கண்ணோரக் கோடுகள் இல்லை. புருவம் முழுசாக இருக்கிறது. கழுத்தில் டேப் இல்லை. அப்பாவுக்குக் கறுப்புக் கோட்டும் டையும் போட்டிருந்தார்கள். தோள் தையல் கைக்கு இறங்கிவந்திருந்தது. வாழ்நாளில் எத்தனையோ மாப்பிள்ளைகளுக்குக் கோட் தைத்தவர், தனக்கென்று ஒன்று தைத்துப் போட்டதில்லை. தம்பி, “நாலு பேர் வர்ற இடம்க்கா, பாக்க டீசன்டா இருக்கட்டும்” என்றான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. காரணம் இருக்கிறது. அதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

1972இல் நான் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் என் பக்கத்துப் பெஞ்சுக்காரி ‘வக்கீல்’ என்று எழுதினாள். நான் ‘ஜவுளி வியாபாரம்’ என்று எழுதினேன். கையெழுத்து வாங்க வேண்டும். அப்பா மிஷினில் இருந்தார். படிவத்தை வாங்கி மேலிருந்து கீழே ஒரு வரி விடாமல் படித்தார். அவர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல. காதிலிருந்த சாக்கட்டியை எடுத்துக் கீழே வைத்தார். என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகு ஐம்பது வருஷமும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எத்தனையோ முறை சொல்ல நினைத்து, நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

அதனால் தம்பியிடம், “கோட் முதல்ல போட்டது நான்தாண்டா” என்று சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. படிவத்தைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அவனே வண்டியை எடுத்துக்கொண்டு போய், மூலப்படத்தில் ஒன்றையும் தொடாமல் போட்டு வாங்கிவந்தான். நீங்கள் நேற்று பார்த்தது அதுதான். டேப்பில் முதல் நாலு இஞ்சுக்கு எண்கள் தேய்ந்திருப்பதுகூடத் தெரிகிறது.

படத்தை மாட்டிய பிறகு அவருடைய அளவு நோட்டுகளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஆளின் பெயரோடு தொழிலையும் எழுதிவைப்பார். தபால்காரர், பால்காரர், தாலுகா ஆபீஸ் என்று. ஒரே பெயரில் பல பேர் வருவார்கள், குழம்பாமல் இருக்க. என் ரவிக்கை அளவுகள் எல்லா நோட்டிலும் ‘பாப்பா’ என்றுதான் இருந்தன. நான் வேலையில் சேர்ந்த வருஷத்து நோட்டில் ‘பாப்பா’ என்று எழுதி, அடித்துவிட்டு, பக்கத்தில் ‘டீச்சர்’ என்று எழுதியிருக்கிறார். அதன்கீழே இரண்டு கோடு.

அதற்கும் கீழே, ஓரத்தில், ‘இ.தோ. தாழ்வு.’ அறுபத்தாறு வயதில்தான் எனக்கே தெரிகிறது.

அப்பா தைத்த துணி எதுவும் உங்கள் வீட்டுப் பீரோவில் இன்னும் இருந்தால், அதன் படம் ஒன்று அனுப்புங்கள். உள்தையல் தெரிகிற மாதிரி எடுங்கள். அவருக்கு அப்படித்தான் பிடிக்கும்.