பாதிச் சம்பளம்: தாத்தாவுடையதும் பேத்தியுடையதும்

2024 கார்த்திகை தீபம் முடிந்த வாரம். கிரிவலப் பாதையில் குப்பை இன்னும் முழுதாக அள்ளப்படவில்லை. திருவண்ணாமலையில் நாங்கள் மாலை வகுப்பு நடத்தும் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் தாத்தாவும் பேத்தியும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கையில் பிரவுசிங் சென்டரில் எடுத்துவந்த இரண்டு படிவங்கள் இருந்தன. ஒன்று 19, இன்னொன்று 10சி.

தாத்தாவுக்கு 77 வயது. நகராட்சியில் துப்புரவுப் பணியாளராக இருந்தவர். சில ஆண்டுகள் தினக்கூலி, பிறகு முப்பது ஆண்டுகள் நிரந்தரம், 2005இல் ஓய்வு. பேத்திக்கு 27. அவளும் துப்புரவு வேலைதான், ஆனால் கான்ட்ராக்டில். ஆறு வருடம் வேலை பார்த்தாள். கான்ட்ராக்டரின் காலம் முடிந்தது, புது ஆள் இன்னும் கூப்பிடவில்லை. இரண்டு மாதமாகச் சம்பளம் இல்லை. தம்பிக்குப் பாலிடெக்னிக் பீஸ் கட்ட வேண்டும்.

“பிஎஃப் காசை மொத்தமா எடுத்துடப் போறேன் தாத்தா. சென்டர்காரு ரெண்டு பாரமும் சேத்துப் போட்டாதான் முழுசா வரும்ன்றாரு.”

“பென்சன எதுக்கும்மா எடுக்கற? அது மாசாமாசம் வர்றதாச்சே.”

“உனக்கு வருது. எனக்கு எங்க வருது?”

தாத்தா உள்ளே போய் பாஸ்புக்கை எடுத்துவந்தார். அடிப்படை ஓய்வூதியம் 9,600. அதன்மேல் 53 சதவீத அகவிலைப்படி, 5,088. மொத்தம் 14,688 ரூபாய். “ரிட்டயர் ஆனப்ப மூவாயிரம்கூட வரல. நான் ஒரு நாளும் கேக்கல. அதுவா ஏறிச்சு. எம்பது முடிஞ்சா இன்னும் இருவது பர்சன்ட் கூடத் தருவாங்களாம். அதுக்காகவாவது மூணு வருசம் இருக்கணும்” என்று சிரித்தார்.

“அப்ப எனக்கும் பாதிச் சம்பளம் வருமா?”

இந்தக் கேள்விக்குத்தான் நாங்கள் அவள் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தோம். சமூகவியலில் முதுகலை முடித்த நமக்குச் சம்பளச் சீட்டைப் படிக்க எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. தோழர்கள் ஒருமுறை கூடவே உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அவள் அடிப்படைச் சம்பளம் 12,000. அதில் 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய், அவளிடமிருந்து பிடிக்கிறார்கள். முதலாளியும் அதே 1,440 கட்ட வேண்டும். ஆனால் முதலாளியின் பங்கு இரண்டாகப் பிரிகிறது. 8.33 சதவீதம், ஏறக்குறைய 1,000 ரூபாய், 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மீதி 440தான் வைப்பு நிதியில் சேர்கிறது. ஆக அவள் பெயரில் இரண்டு பானைகள் இருக்கின்றன. வைப்பு நிதிப் பானையில் பணம் வட்டியோடு வளரும். ஓய்வூதியப் பானையில் அவள் எண்ண வேண்டியது பணத்தை அல்ல, வருடங்களை.

58 வயதில் அந்த வருடங்களை வைத்துத்தான் ஓய்வூதியம். கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியைப் பணிபுரிந்த வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து 58இல் ஓய்வு பெறுபவருக்கு இரண்டு வருடம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அவளுக்கு இடையிடையே வேலை இல்லாமல் போனாலும் முப்பத்து மூன்று வருடம் சேர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இரண்டைக் கூட்டினால் 35. சம்பளம் இதே 12,000 என்றால் 12,000 பெருக்கல் 35 வகுத்தல் 70. விடை 6,000.

“பாதிதானே! உனக்கும் பாதி, எனக்கும் பாதி” என்றாள் அவள்.

“எதுல பாதிம்மா?” என்றார் தாத்தா. எங்களுக்கு அரைமணி நேரம் ஆன கணக்கை அவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

அவருடையது கடைசிச் சம்பளத்தில் பாதி. சம்பளக் குழு வரும்போதெல்லாம் அந்தப் பாதியும் திருத்தப்பட்டது. ஆண்டுக்கு இரண்டு முறை அகவிலைப்படி ஏறியது. அவளுடையதில் சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் வரம்பு பொதுவாக 15,000. அது 2014 செப்டம்பரில் வைத்த வரம்பு. அகவிலைப்படி கிடையாது. 58இல் ஆறாயிரம் என்று முடிவானால் 78இலும் அதே ஆறாயிரம். குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 என்றதும் அதே 2014இல்தான்.

“நாங்க மலம் அள்ளினோம். ஊர்க்காரன் வாசல்ல நிக்க விடல. ஆனா மாசம் பொறந்தா கவர்மென்ட் காசு. அத வெச்சுதான் உங்கப்பன படிக்க வெச்சேன்” என்றார் தாத்தா. எங்கள் வாதமும் இங்கேதான் இருக்கிறது. இந்த வேலைக்கு ஆள் எடுக்கும்போது சாதி அப்படியே இருந்தது. அந்த வேலையோடு வந்த ஒரே பாதுகாப்பு மட்டும் கான்ட்ராக்ட் வந்ததும் கழன்றுபோனது. நிரந்தரப் பணியிலும்கூட 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு சேர்ந்தவர்களைத் தமிழக அரசு பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு மாற்றிவிட்டது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் உட்கார்ந்து தனியார்மயம் வேண்டாம், நிரந்தரம் வேண்டும் என்று கேட்டபோது எங்களுக்கு இந்தத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது.

சரி, படிவத்துக்கு வருவோம். 19 என்பது வைப்பு நிதிப் பானைக்கு. 10சி ஓய்வூதியப் பானைக்கு. பத்து வருடம் முடியாதவர்கள் 10சி போட்டு அந்தப் பணத்தை எடுக்கலாம். அவளுக்கு எழுபதாயிரத்துக்கு மேல் வரும். ஆனால் எடுத்தால் ஆறு வருடமும் அழியும். அடுத்த கான்ட்ராக்டரிடம் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். பத்து வருடம் சேராமல் மாத ஓய்வூதியம் கிடையாது. கான்ட்ராக்ட் மாறும்போதெல்லாம் இப்படி எடுத்துவிட்டு, இருபது வருடம் துடைப்பம் பிடித்தும் ஒரு ரூபாய் ஓய்வூதியம் இல்லாதவர்களை எங்கள் தெருவிலேயே காட்ட முடியும். இதே 10சி படிவத்தில் பணம் வேண்டாம், பணிக்காலச் சான்றிதழ் போதும் என்றும் கேட்கலாம். இதைப் பிரவுசிங் சென்டர்களில் யாரும் சொல்வதில்லை.

“அப்ப பீசு?”

“மொத பானையில எடு. ரெண்டாவதத் தொடாத” என்றார் தாத்தா. அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “அம்பத்தெட்டு வரைக்கும் இந்த வேலையிலயே இருப்பேன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?” என்று கேட்டாள். தாத்தா பதில் சொல்லவில்லை. வேறு எந்த வேலைக்குப் போனாலும் பிஎஃப் உள்ள இடமாக இருந்தால் இந்த வருடங்கள் கூடவே வரும் என்று நாங்கள்தான் சொன்னோம்.

பிறகு அவள் போனில் பாஸ்புக்கைத் திறந்தோம். மாதத்துக்கு மூன்று பத்திகள் இருக்கும்: தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு, ஓய்வூதியப் பங்கு. ஒவ்வொரு மாதமாகக் கீழே இறங்கிப் பார்த்தபோது நடுவில் நான்கு மாதம் இல்லை. சம்பளச் சீட்டில் அந்த நான்கு மாதமும் பணம் பிடிக்கப்பட்டிருந்தது. பிடித்த பணம் கட்டப்படவில்லை. பதிவு செய்த எண்ணிலிருந்து 9966044425க்கு மிஸ்டு கால் கொடுத்தாலே கடைசியாக எப்போது பணம் வந்தது என்று குறுஞ்செய்தி வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் வேலை கொடுத்த முதன்மை நிறுவனம் அதற்குப் பொறுப்பு. அந்த நான்கு சீட்டுகளின் படத்தோடு வைப்பு நிதி நிறுவனத்தின் குறைதீர் தளத்தில் புகார் பதிந்தோம்.

19ஐ மட்டும் அனுப்பினாள். 10சியை மடித்துத் தாத்தாவின் பாஸ்புக்குக்குள் வைத்தாள். புது கான்ட்ராக்டர் பொங்கலுக்குப் பிறகு கூப்பிட்டார். புதிதாக ஒரு யுஏஎன் எண் போட்டுவிடாமல் பழைய எண்ணையே எழுத வைக்க, முதல் நாள் அவளோடு தாத்தாவும் போனார்.