ஓடுகிற பெண்ணின் கால்வலி

ஓட்டப் பந்தயத்துக்குப் பழகும் குழந்தை உள்ள வீட்டில், "அம்மா, கால் வலிக்கிறது" என்ற பல்லவி கேட்காமல் இராது. உடனே நல்லெண்ணெயைக் காய்ச்சி உருவிவிடப் புறப்படாதீர்கள். எங்கே வலிக்கிறது என்று முதலில் கேளுங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே, கணைக்கால் எலும்பின் உட்புற ஓரமாக என்றால், அதற்கு டாக்டர்கள் ‘ஷின் ஸ்ப்ளின்ட்ஸ்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

என் தமக்கை மகளுக்கு 14 வயது. வாரத்தில் 3 நாள், நாளைக்கு 2 கிலோமீட்டர் வீதம் மண் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். ஜில்லாப் போட்டி நெருங்கியதும் 6 நாள், நாளைக்கு 4 கிலோமீட்டர், அதுவும் தார் ரோட்டில், தேய்ந்துபோன கான்வாஸ் ஷூவில்! கணக்குப் பாருங்கள்: வாரத்துக்கு 6 கிலோமீட்டராக இருந்தது 24 ஆகிவிட்டது. எலும்பு உயிருள்ள வஸ்து. ஓட்டத்தின் அழுத்தத்துக்கு ஏற்பத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும். மூன்றாவது வாரம் வலி வந்துவிட்டது.

வீட்டில் எல்லோரும் ஷூவைத்தான் திட்டினார்கள். ஷூவும் ரோடும் உடந்தைதான்; ஆனால் முதல் குற்றவாளி அந்த நாலு மடங்கு. கடற்கரை மணல் மெத்தென்றிருக்கிறதே என்று திடீரென அங்கே மாற்றினாலும் கெண்டைச் சதை பாடுபட்டுப் போகும்.

ஓட ஆரம்பிக்கும்போது வலித்து, உடம்பு சூடானதும் மறைந்தால், ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடலாம். ஓடி முடிக்கும்வரை வலித்தாலோ, மறுநாள் காலையிலும் இருந்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பதில் நீச்சலோ, வலிக்காதவரை சைக்கிளோ இருக்கட்டும். மாத்திரையால் வலியை அமுக்கிவிட்டு ஓடுவது மகா ஆபத்து.

இன்னொரு விஷயம். எலும்பின் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். நாலு விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் இந்த உபாதைதான். காலணா அகலத்துக்கு ஒரே இடத்தில் சுரீரென்றால், நடக்கும்போதோ இரவில் படுத்திருக்கும்போதோ வலித்தால், எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். அங்கே உருவிவிடாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் கீறல் தெரியாமலும் போகலாம். ‘படம் சரியாக இருக்கிறது’ என்று மறுபடி ஓடவிடாதீர்கள். பெண் சரியாகச் சாப்பிடாமல் மாதவிலக்கும் தவறியிருந்தால், அதையும் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். எலும்பின் பலத்துக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு.

எங்கள் பெண்ணுக்குக் கீறல் இல்லை. மூன்று வாரம் ஓட்டம் கிடையாது. அரைமணி வேகமாக நடந்தும் வலிக்கவில்லை, அழுத்தினாலும் வலிக்கவில்லை என்றான பிறகு, மண் தரையில், புது ஷூவுடன், ஒரு நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் நடை என்று பத்து நிமிஷத்தில் ஆரம்பித்தாள். ஜில்லாப் போட்டியைக் காலரியில் உட்கார்ந்து பார்த்தாள். அன்று அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லைதான்.