சருவத்துக்குள் ஏழு நிமிடம்

குளச்சலில் மூழ்கிச் சிப்பி எடுத்தவர்கள் கரையேறியிருந்தார்கள். பாறையிலிருந்து உளியால் பெயர்த்த பழுப்புச் சிப்பிகள் அவை. அவற்றில் இரண்டு கிலோ வாங்கிய அக்காவோடு அவர் வீட்டுப் பின்கட்டுக்குப் போனேன்.

அடுப்பை உடனே பற்றவைக்கவில்லை. அரைமணி நேரம் ஓடுகளைச் சுரண்டி, பக்கவாட்டில் தொங்கிய நாரைப் பிடுங்கினார். வாய் பிளந்த ஒன்றை எடுத்து இன்னொன்றின் மேல் தட்டினார். இரண்டு ஓடும் மெல்ல நெருங்கி மூடிக்கொண்டன. "இதுக்கு உயிரிருக்கு மக்களே." அடுத்தது எத்தனை தட்டியும் அசையவில்லை. தூக்கிப் போட்டார்.

ஓடுகளை இணைக்கும் கீல் எப்போதும் திறக்கவே தள்ளும். உள்ளிருக்கும் தசைதான் இழுத்து மூடி வைத்திருக்கிறது. உயிர் போனால் அந்தப் பிடி போய்விடும். அதனால் அடுப்புக்கு முன் செத்தது திறந்து கிடக்கும். அடுப்பில் சூடு தசையை ஓட்டிலிருந்து விடுவிக்கிறது. அப்போது உயிரோடு போட்டதும் திறக்கிறது.

சருவத்தில் ஒரு சிரட்டைத் தண்ணீர்தான் ஊற்றினார். சிப்பியே தண்ணீர் விடும். பாதிக்கு மேல் நிரப்பவில்லை. நெருக்கிப் போட்டால் அடியிலிருப்பது வெந்து சுருங்கும்போது மேலிருப்பது திறக்காது, திறக்க இடமும் இருக்காது. தீயைக் கூட்டி மூடினார். மூடியோரம் ஆவி சீறியதும் கணக்கு தொடங்கியது. மூன்றாம் நிமிடம் மூடியை அழுத்திப் பிடித்துச் சருவத்தைக் குலுக்கினார், அடி மேலாக. ஐந்தாம் நிமிடம் திறந்தார். ஓடுகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறச் சதை பருத்துத் தெரிந்தது.

பதினொன்று மட்டும் மூடியே இருந்தன. திறந்தவற்றை அள்ளிவிட்டு அவற்றை இன்னும் இரண்டு நிமிடம் மூடி வைத்தார். எட்டு திறந்தன. மிச்சம் மூன்றில் ஒன்றைக் கையில் தந்தார், கல்லாகக் கனத்தது. கத்தியால் நெம்பினால், உள்ளே வெறும் சேறு! அது ஒன்று திறந்தாலே சருவத்துத் தண்ணீரெல்லாம் மண். மற்ற இரண்டையும் அவர் நெம்பவில்லை. தசை பிடி விடாத நல்ல சிப்பியாகவும் இருக்கலாம், வேகாததாகவும் இருக்கலாம். ஓட்டுக்கு வெளியிலிருந்து அதை அறிய வழியில்லை. மூன்றையும் எறிந்தார். திறந்தவற்றின் சதை மசாலாவில் மறுபடி நன்றாக வெந்தது.

திறந்தது என்பதாலேயே எல்லா ஆபத்தும் நீங்கிவிடாது. 1997 செப்டம்பரில் இங்கிருந்து தொலைவில்லாத விழிஞ்ஞத்தில் இதே வகைச் சிப்பியைச் சாப்பிட்டு ஏழு பேர் இறந்தார்கள். சிப்பி உண்ட கடல் நுண்பாசியின் நஞ்சு அது. கொதியில் அழியாது, தட்டினாலும் தெரியாது. கடலின் நிறம் மாறினால் அந்த வாரம் சிப்பி வாங்குவதில்லை என்றார் அக்கா. நிறம் மாறாமலும் நஞ்சு இருக்கலாம் என்பதால், அரசு எச்சரிக்கை வந்தால் எந்தச் சருவமும் அடுப்பேறக் கூடாது.