கதவடைப்புத் தீபாவளி

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். அதிரசம் பிரிந்து எண்ணெய் முழுக்க மாவாக மிதக்கிறது. பாகு பதம் வருவதற்கு முன்னால் இறக்கிவிட்டாய், வேறொன்றும் இல்லை. ஜெர்மனியில் கிடைக்கிற காய்ந்த அரிசி மாவுப் பொட்டலமும் இதற்கு ஆகாது. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, துணியில் நிழலில் உலர்த்து. கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக்கூடாது. அந்த ஈரத்தோடு அரைத்துச் சலித்துக்கொள். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். பாகு கொதிக்கும்போது கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. விரலில் திரட்டும்போது மெத்தென்று உருண்டு வந்தால் அடுப்பை அணை. அந்த உருண்டையைத் தட்டில் போட்டு டங்கென்று சத்தம் கேட்டால் பதம் தாண்டிவிட்டது, அதிரசம் கல்லாகிவிடும். ஏலக்காயும் சுக்கும் தட்டிப் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறு. கிளறி முடிக்கும்போது இளகலாகத்தான் இருக்கும். மேலே நெய் தடவி மூடி வை, இரண்டு நாளில் இறுகிவிடும்.

அந்த இரண்டு நாள்தான் உனக்கும் எனக்கும் சண்டை வந்த இரண்டு நாள்.

1989 தீபாவளி உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதென்று தெரியவில்லை. நீ நாலாம் வகுப்பு, நான் ஒன்பதாம் வகுப்பு. கள்ளிக்குப்பத்தில் அந்த லைன் வீட்டில் இருந்தோம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அப்பா காலை ஷிப்டுக்குப் போனவர் ஒன்பது மணிக்கே திரும்பி வந்தார். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவருடைய கம்பெனி கேட்டில் கதவடைப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

பிரச்சினை போனஸ். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம் கொடுத்தாக வேண்டும். அது ஒரு மாதச் சம்பளம். அதிகபட்சம் 20 சதவீதம். ஏறக்குறைய இரண்டரை மாதச் சம்பளம். அந்த வருஷம் ஆர்டர் நிறைய வந்தது, ஓவர்டைம் பார்த்தே எல்லோரும் களைத்துப்போயிருந்தார்கள். சங்கம் இருபது கேட்டது. நிர்வாகம் 8.33-க்கு மேல் பைசா கிடையாது என்றது. அம்பத்தூர், பாடி, ஆவடி பக்கத்துக் குடும்பங்களுக்குத் தீபாவளி என்பதே அந்தப் போனஸ்தான். துணியும் பட்டாசும் அதில்தான் வரும், ஊர்க் கடன் அடைவதும் அதில்தான். இப்போது மாதச் சம்பளத்தில் எல்லாம் வாங்குகிற பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் புரிவதில்லை.

கேட்டுக்கு எதிரில் கீற்றுப்பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பக்கத்துக் கம்பெனிகளில் சம்பள நாளன்று வாசலில் துண்டை விரித்துப் பிடித்து வசூல் செய்தார்கள். அந்தப் பணத்தில் குடும்பத்துக்குப் பத்துக் கிலோ அரிசி வந்தது. அப்பா அந்த மூட்டையைச் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் கிணற்றடிக்குப் போனார். கடன் வாங்கத் தெரிந்த மனுஷன்தான், ஆனால் வசூல் அரிசி அவருக்குப் பழக்கமில்லை.

மற்ற வருஷங்களில் நமக்கு மைசூர்பாகும் லட்டும் கடையிலிருந்து வரும். அம்மா வாராவாரம் பலகாரச் சீட்டு கட்டுவாள். அந்த வருஷம் கட்டியதைப் பாதியிலேயே திரும்ப வாங்கி வாடகைக்குக் கொடுத்துவிட்டாள். லைனில் ஆறு வீடு. நாலு வீட்டு ஆண்கள் பந்தலில் இருந்தார்கள். நாலு வீட்டுப் பெண்களும் கூடிப் பேசி அதிரசம் என்று முடிவு செய்தார்கள். நெய் வேண்டாம், முந்திரி வேண்டாம். அரிசி, வெல்லம், ரேஷன் பாமாயில் போதும், பத்து நாள் கெடாது. வறுமைக்கு ஏற்ற பலகாரம் என்று அதை நான் சொல்லமாட்டேன். அவ்வளவு கைப்பக்குவம் கேட்கிற பலகாரம் வேறில்லை. வெல்லம் பாழானால் இன்னொரு தடவை வாங்கக் காசில்லை என்ற நிலையில் அம்மா பாகு வைத்தாள். நான் கிண்ணத்தில் தண்ணீரோடு பக்கத்தில் நின்றேன். எனக்கு அதிரசம் வந்தது அன்றைக்குத்தான்.

மாவை எவர்சில்வர் தூக்கில் அடைத்துப் பரண் மேல் வைத்தோம். நீ ஸ்டூல் போட்டு ஏறி உருண்டை உருண்டையாக எடுத்துத் தின்றாய். நாலு வீட்டு மாவு அது. உன் சட்டைப்பையிலிருந்து வெல்லப் பிசுக்கோடு ஒரு உருண்டையை நான் பிடுங்க, நீ என் கையைக் கடித்தாய். நான் அறைந்தேன். மறுநாள் முழுக்க என்னை "கங்காணி" என்று கூப்பிட்டாய். அந்த வார்த்தையைப் பந்தலில் கேட்டு வந்திருக்கிறாய். கேட்டதும் அப்பா ஒரு நிமிஷம் சிரித்தார். அந்த மூன்று வாரத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

பெரிய சண்டை தீபாவளி அன்று. கோடி வீட்டில் இருந்தவர் அதே கம்பெனியில் சூப்பர்வைசர். சங்கத்தில் இல்லை, தினமும் கேட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தார். பந்தலைத் தாண்டிப் போகும்போது நம் அப்பாவும் அவரும் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த வீட்டுப் பையன் விடியற்காலையிலிருந்து சரவெடி வெடித்தான். உன்னிடம் ஒரு பெட்டிக் கம்பி மத்தாப்பும் பாம்பு மாத்திரையும்தான். அம்மா தட்டில் எட்டு அதிரசம் எடுத்து வைத்து, "கோடி வீட்டுக்குக் கொடுத்துட்டு வா" என்று உன்னிடம் நீட்டினாள். நீ தட்டைத் தள்ளிவிட்டு, "அவங்க அப்பா துரோகி" என்று கத்தினாய். லைன் முழுக்கக் கேட்டது. கீழே விழுந்ததை எல்லாம் நான் பொறுக்கி எடுத்தேன். அப்பா திண்ணையில் இருந்தார். அவர் தடுப்பார் என்று நீ எதிர்பார்த்தாய். "அந்த ஆளோட தகராறு எனக்கு. அடுப்படிக்கு என்ன தகராறு? கொண்டு போம்மா" என்றார் என்னிடம்.

நான்தான் போனேன். அந்த அம்மாள் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. வெறும் தட்டைத் திருப்பித் தரக்கூடாதே, அதனால் கடை லட்டு ஆறு வைத்துக் கொடுத்தார். நீ தொடமாட்டேன் என்றாய். உன் பங்கை அம்மா டம்ளரைக் கவிழ்த்து மூடி வைத்தாள். மறுநாள் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு டம்ளர் உருளும் சத்தம் கேட்டது. நான் விழித்துத்தான் இருந்தேன். இதுவரை சொன்னதில்லை.

தீபாவளி கழிந்து பன்னிரண்டாம் நாள் தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் 12(3) ஒப்பந்தம் போட்டார்கள். பன்னிரண்டு சதவீதம், அதுவும் இரண்டு தவணை. கதவடைப்பு நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. ஜெயித்தோமா தோற்றோமா என்று அப்பா கடைசி வரை சொல்லவில்லை. முதல் தவணையில் உனக்குக் கார்த்திகைக்குப் பட்டாசு வாங்கினார், எனக்கு ஜியாமெட்ரி பாக்ஸ். அந்தக் கம்பெனி பிறகு மூடிவிட்டது. அந்த இடத்தில் இப்போது கண்ணாடி போட்ட ஐ.டி. கட்டடம் நிற்கிறது, அம்மாவோடு ஆட்டோவில் போகும்போது பார்ப்பேன்.

அப்பா போன பிறகு அம்மாவுக்கு வருகிற பி.எப். பென்ஷன் மாதம் 1,000 ரூபாய். வருஷத்துக்கு ஒரு தடவை உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும். விரல் ரேகை தேய்ந்துபோய்ப் போன வருஷம் மெஷினில் விழவே இல்லை. மூன்று விரல் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். நீ மாதாமாதம் அனுப்புவது தாராளமாகப் போதும். இருந்தாலும் அந்த ஆயிரத்தை அம்மா தனியாக எண்ணி வைக்கிறாள், அது அப்பா சம்பாதித்தது என்று. தீபாவளி அன்று அவளைக் கூப்பிடும்போது உடம்பைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வைக்காதே. அந்த வருஷத்துப் பாகைப் பற்றிக் கேள். நேரம் எடுத்துக்கொண்டு கேள்.