பிரிவுபசாரம்

பிரிவுபசாரக் கூட்டங்களுக்கென்றே ஒரு பாஷை இருக்கிறது. "அன்னாருடைய சேவை அளவிடற்கரியது" என்பார்கள். அளந்து பார்க்க யாரும் முயன்றதாகத் தெரியாது. "அவருடைய இடத்தை நிரப்ப இனி ஒருவர் பிறந்துதான் வரவேண்டும்" என்பார்கள். அந்த இடத்துக்கு வரப்போகிறவர் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பரிசாகக் கொடுப்பார்கள். முப்பது நாற்பது வருஷம் மணி பார்த்து ஓடிய மனிதருக்கு, இனிமேல் மணி பார்க்க வேண்டியதில்லை என்றான அன்றைக்கு ஒரு கடிகாரம்!

இப்படிக் கேலி பேசுவது சுலபம். நாமே எழுந்து பேச வேண்டியிருக்கும்போதுதான் கஷ்டம் தெரிகிறது. எனக்கு அந்தக் கஷ்டம் பெண்ணாடத்தில் வந்தது.

கதை எழுதிப் பிழைக்கத் தொடங்குவதற்கு முன்னால், விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்கூடத்தில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். ஊறுகாய் ஜாடிகள்தான் அங்கே முக்கியச் சரக்கு. அங்கே சூளை மேஸ்திரியாக இருந்தவர் பெண்ணாடத்துக்காரர். தினமும் ரயிலில் வந்து போவார். முப்பத்தெட்டு வருஷ உத்தியோகத்துக்குப் பிறகு அவர் ஓய்வு பெற்றபோது, "கூட்டம் கூட்டமாக என்னை விருத்தாசலத்துக்கு வரவழைக்காதீர்கள். நான்தான் இத்தனை வருஷம் வந்தேனே, ஒரு நாள் நீங்கள் வாருங்கள்" என்று சொல்லிவிட்டாராம். அதனால் பெண்ணாடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏற்பாடு. பழைய சகபாடி என்ற முறையிலும், எழுதுகிறவன் என்ற முறையிலும் எனக்கு ஏழு நிமிஷம் ஒதுக்கியிருந்தார்கள்.

ஏழு நிமிஷத்தில் நன்றியை எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது உ. வே. சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, 1880-இல், தமக்குப் பின் அந்த இடத்துக்குச் சாமிநாதையரே வரவேண்டும் என்று திருவாவடுதுறை ஆதீனத்தில் கேட்டு, கல்லூரியிலும் எடுத்துச் சொல்லி, வாங்கிக் கொடுத்தார். இருவரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்தவர்கள். பிற்காலத்தில் ஐயர் சென்னைத் திருவல்லிக்கேணியில் குடியிருந்த வீட்டுக்குத் தம் பெயரையோ தகப்பனார் பெயரையோ வைக்கவில்லை. 'தியாகராஜ விலாசம்' என்று வைத்தார். அந்த வீடு 2012-இல் இடிக்கப்பட்டது. ஆனால் அந்த வேலை தமக்குக் கிடைத்த விதத்தைத் தம் சுயசரிதத்தில் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். அதைப் படிக்கிறவனுக்குச் செட்டியார் ஒரு 'மகான்' ஆகத் தெரியவில்லை. ஒரு குறிப்பிட்ட காரியத்தை ஒரு குறிப்பிட்ட ஆளுக்காகச் செய்த மனிதராகத் தெரிகிறார். நன்றி என்பது அந்தக் காரியத்தின் பெயரைச் சொல்வதுதான் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே, வேறு யாரும் பேச முடியாத, நான் மட்டும் கண்ட விஷயங்களாக ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். மூன்று தேறின.

முதலாவது சிரிப்புக்கு. மேஸ்திரிக்குக் காது சற்று மந்தம் என்பது தொழிற்கூடம் முழுவதும் பிரசித்தம். மானேஜர் பத்தடி தூரத்திலிருந்து கூப்பிட்டால் கேட்காது. ஆனால் ஆறிக்கொண்டிருக்கும் சூளைக்குள்ளே ஒரு ஜாடி விரிசல் விட்டால் 'டிங்' என்று மெல்லிய சத்தம் வரும். அதை அவர் வெளியே வேப்பமரத்தடியில் படுத்தபடியே கேட்டு, "மூணாவது அடுக்கு" என்பார். பெரியவர்களைப் பற்றி மேடையில் சிரிப்பு மூட்டுவதென்றால், அவர்களே உள்ளூரப் பெருமைப்படுகிற குறையாகப் பார்த்து எடுக்க வேண்டும். இது அப்படிப்பட்ட குறை.

இரண்டாவது என் நன்றி. சூளை மூட்டிய இரவுகளில் அவருக்குத் துணையாக நானும் உட்கார்ந்திருப்பது உண்டு. உள்ளே ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் சூடு. எவ்வளவு வெந்தது என்று அறிய, விரலளவு உயரமுள்ள மூன்று மண் கூம்புகளை ஒரு பிடி களிமண்ணில் வரிசையாக நட்டு, எட்டிப் பார்க்கும் துளைக்கு நேரே வைத்திருப்பார்கள். மூன்றும் வேறு வேறு கலவை. முதல் கூம்பு சாய்ந்தால் எச்சரிக்கை. இரண்டாவது வளைந்து அதன் நுனி தரையைத் தொட்டால் பதம். மூன்றாவது நிமிர்ந்தே நிற்க வேண்டும். அதுவும் தலை குனிந்துவிட்டால் சரக்கு மிஞ்சி வெந்து கோணிப்போய்விடும். சூட்டை அளக்கும் கருவி ஒன்றும் அங்கே இருந்தது. மேஸ்திரி அதை மதிப்பதில்லை. "அது அந்த நேரத்துச் சூட்டைத்தான் சொல்லும் தம்பி. எவ்வளவு நேரம் வெந்ததுன்னு கூம்புக்குத்தான் தெரியும்" என்பார்.

கூம்பு சாயக் காத்திருந்த அந்த நேரங்களில்தான், பழைய ரசீதுகளின் பின்புறத்தில் என் முதல் கதைகளை எழுதினேன். ஒன்றைப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நல்லா வெந்திருக்கு. இன்னும் கொஞ்சம் ஆறட்டும்" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ விமர்சகர்கள் என் கதைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கும் ஒரு கதையை முடித்தால் பத்து நாள் மேஜைக்குள் போட்டு வைக்கிறேன் என்றால், அது அந்த இரண்டு வாக்கியத்தால்தான்.

மூன்றாவது விஷயந்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஒரு சமயம் சூளையைத் திறந்தபோது கதவோரத்து அடுக்குகளில் இருந்த ஜாடிகள் பாதிக்குமேல் விரிசல் கண்டிருந்தன. மண் சரியில்லை என்றார் ஒருவர். வேகமாகச் சூடேற்றிவிட்டார்கள் என்றார் மற்றொருவர். மேஸ்திரி ஒரு ஜாடியை எடுத்து விரிசலின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார். சூடேறும்போது விட்ட விரிசலானால், பிறகு மெருகு உருகி ஓடி அதன் ஓரத்தை மழுக்கியிருக்கும். இதுவோ கத்தி போல் இருந்தது. அதாவது, மெருகு இறுகிய பிறகு, ஆறும்போது வந்த விரிசல். சூளை ஆறி ஏறத்தாழ ஐந்நூற்று எழுபது டிகிரிக்கு வரும் கட்டம் பொல்லாதது. மண்ணில் இருக்கும் மணல் சத்து அந்த இடத்தில் சட்டென்று சுருங்கும். அப்போது குளிர்ந்த காற்று பட்டால் ஜாடி தாங்காது. ஆகவே, இரவில் யாரோ கதவுச் செங்கல்லை முன்கூட்டியே பிரித்திருக்க வேண்டும். கதவோரத்தில் மட்டும் நஷ்டம் என்பதும் அதையே காட்டியது.

அன்று இரவு காவலுக்கு இருந்தவன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமான ஒரு பையன். மேஸ்திரி அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. விரலைத் துடைத்துக்கொண்டு மானேஜரிடம் போய், "சூளை என் பொறுப்பு" என்றார். அரை மாதச் சம்பளம் பிடிக்கப்பட்டது. அந்தப் பற்றை லெட்ஜரில் எழுதியவன் நான். ஆகையால்தான் எனக்குத் தெரியும்.

பெண்ணாடம் மண்டபத்தில் சொல்வதற்கு இதைவிட உயர்ந்த செய்தி ஏது? ஆனால் அந்தப் பையன் இப்போது பையன் இல்லை. மேஸ்திரியின் இடத்துக்கு வருகிறவரே அவர்தான். பெண்டாட்டி பிள்ளைகளுடன் முன்வரிசையில் உட்காரப் போகிறார். பெயர் சொல்லாவிட்டாலும், கேட்கிறவர்களில் நாலு பேர் விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒருவரைப் புகழ்வதற்காக இன்னொருவர் தலையைக் குனிய வைப்பதா?

கூட்டத்துக்கு நாலு நாள் முன்னதாகவே பெண்ணாடத்துக்குப் போய் மேஸ்திரியைக் கேட்டேன்.

"அது என் கதை இல்லையே தம்பி, அவன் கதை. அவனைக் கேளுங்க" என்றார்.

அவரைப் போய்க் கேட்டேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க சொல்ல வேண்டாம் சார்" என்றார். சரி என்று காகிதத்தில் அந்தப் பகுதியை அடித்துவிட்டேன். விரிசலின் ஓரத்தைத் தடவிப் பார்க்கும் வித்தையை மட்டும் வைத்துக்கொண்டேன். அதில் யாருக்கும் பங்கம் இல்லை.

கூட்டத்தன்று முதலில் பேசியவர் உள்ளூர்ப் பெரியவர். பெண்ணாடத்துக் கோவில் விமானம் தூங்கும் யானை வடிவில் இருப்பதால் 'தூங்கானை மாடம்' எனப் பெயர் பெற்றதிலிருந்து ஆரம்பித்து, மெய்கண்டாரையும் சிவஞானபோதத்தையும் தொட்டு, நாற்பது நிமிஷமாகியும் மேஸ்திரி பிறந்த காலத்துக்கு வந்து சேரவில்லை. மண்டபத்திலும் யானைகள் சில தூங்கிவிட்டன. அடுத்து நான். காது மந்தத்தைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். மானேஜர்தான் கொஞ்சம் தாமதித்துச் சிரித்தார். ரசீதுக்குப் பின்னால் எழுதிய கதையைச் சொன்னபோது மேஸ்திரியின் சம்சாரம், "இதெல்லாம் என்கிட்டே சொன்னதே இல்லை" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது மேடைவரை கேட்டது. ஏழு நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

புதிய மேஸ்திரி மாலையோடு மேடைக்கு வந்தார். நிகழ்ச்சி நிரலில் அவருக்குப் பேச்சு இல்லை. மாலையைப் போட்டுவிட்டு ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பினார்.

"ஒரு தடவை கதவோரத்து ஜாடி எல்லாம் போச்சு. செங்கல்லைப் பிரிச்சது நான். சம்பளம் போனது இவருக்கு. அன்னைக்கு என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தா இன்னைக்கு நான் இங்கே இல்லை" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

என் ஏழு நிமிஷமும் அந்த நான்கு வாக்கியத்துக்கு ஈடாகவில்லை. ஈடாகவும் முடியாது. நான் லெட்ஜரில் கண்டேன். அவர் அதில் வாழ்ந்தவர்.

பதிலுரைக்கு மேஸ்திரி எழுந்தபோது மண்டபம் நிசப்தமாக இருந்தது. அவர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லோரும் வந்ததுக்குச் சந்தோஷம். அந்தப் பையன் ஏதோ சொன்னான். எனக்குத்தான் காது கேக்காதே" என்றார்.

பிறகு, "சாப்பாடு ஆறிப் போகும், எழுந்திரிங்க" என்று சொல்லிக்கொண்டே, புதிய மேஸ்திரி எந்தப் பந்தியில் உட்காருகிறார் என்று பார்த்துக்கொண்டு கீழே இறங்கினார்.